குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினால் கிரெடிட் கார்டு கடன் எப்போது தீரும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதம் தவறாமல் குறைந்தபட்சத் தொகையைக் கட்டி வருகிறேன். பிறகு ஏன் கடன் குறைந்ததாகவே தெரியவில்லை?

குறைகிறது, ஆனால் கட்டுவதில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் குறைகிறது. சேலம் செவ்வாய்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். பட்டறைக்காரர் ஒருவர் சென்ற ஆண்டு தம் கார்டு பில்லைக் கொண்டுவந்து இதே கேள்வியைத்தான் கேட்டார். அவருடைய பில்லில் மொத்த நிலுவை 60,000 ரூபாய். வட்டி மாதத்துக்கு 3.5 சதவீதம். குறைந்தபட்சத் தொகை நிலுவையில் 5 சதவீதம், அதாவது 3,000 ரூபாய். இந்தப் பக்கம் முழுவதும் அந்த ஒரு பில்லை வைத்தே கணக்குப் போட்டிருக்கிறேன்.

அவர் 3,000 கட்டியதும் மீதி 57,000 ஆகிறது. அந்த மீதிக்கு ஒரு மாத வட்டி 1,995 ரூபாய். வட்டியின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 359 ரூபாய். இரண்டும் சேர்ந்து 2,354 ரூபாய் ஏறி, அடுத்த பில் 59,354 என்று வருகிறது. கையிலிருந்து போனது 3,000, கடனில் குறைந்தது 646. பில்லில் `Finance Charges` என்ற வரியையும் அதன் கீழே வரும் ஜிஎஸ்டி வரியையும் கூட்டி, நீங்கள் சென்ற மாதம் கட்டிய தொகையிலிருந்து கழித்துப் பாருங்கள். கார்டில் புதிதாக எதுவும் வாங்காத மாதத்தில், உங்கள் கடன் உண்மையில் குறைந்தது அந்த வித்தியாசம் மட்டுமே.

3.5 சதவீதம் என்றால் மூன்றரை வட்டி. வெளியில் வாங்கினாலும் மூன்று வட்டிக்குக் குறைந்து கிடைப்பதில்லையே?

மூன்றரை வட்டி என்பது பில்லில் அச்சிட்டிருக்கும் கணக்கு. கிரெடிட் கார்டு வட்டிக்கு ஜிஎஸ்டி உண்டு என்பதால் உங்கள் கையிலிருந்து போவது 3.5-ஐ 1.18-ஆல் பெருக்கிய 4.13 சதவீதம். நம் வழக்கில் சொன்னால் அது நாலு வட்டிக்கும் மேல். ஆண்டுக்கு, வட்டிக்கு வட்டி சேர்க்காமலே, 49.56 சதவீதம். பில்லில் ஆண்டு வட்டி 42 சதவீதம் என்று போட்டிருப்பதால் பலரும் இந்த ஏழரை சதவீத வித்தியாசத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

இன்னொரு வேறுபாடும் உண்டு, அதை நான் பெரிதாகக் கருதுகிறேன். கைமாற்றாக மூன்று வட்டிக்கு வாங்கியவருக்கு, மாதம் கொடுப்பது வட்டி, அசல் அப்படியே நிற்கிறது என்பது தெளிவாகத் தெரியும். அதனால் அசலை எப்போது திருப்புவது என்ற எண்ணம் அவரை விடுவதில்லை. கார்டில் கட்டும் குறைந்தபட்சத் தொகை, வட்டியையும் கொஞ்சம் அசலையும் ஒரே எண்ணில் கலந்து காட்டுகிறது. கட்டியவருக்குக் கடனைத் தீர்த்துக்கொண்டு வருகிறோம் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. அந்த நினைப்பே மூன்று நான்கு ஆண்டுகளை விழுங்கிவிடுவதைப் பல பில் கட்டுகளில் பார்த்திருக்கிறேன்.

இப்படியே கட்டிக்கொண்டு போனால் 60,000 முழுவதும் தீர எத்தனை மாதம் ஆகும்?

சுமார் 290 மாதங்கள், அதாவது 24 ஆண்டுகளுக்கும் மேல். கார்டில் இனி ஒரு ரூபாய்க்கும் புதிதாக எதையும் வாங்கவில்லை, ஒரு கெடுவையும் தவறவிடவில்லை, 5 சதவீதம் 200 ரூபாய்க்குக் கீழே இறங்கியதும் மாதம் 200 ரூபாய் கட்டுகிறார் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. மொத்தம் கட்டுவது ஏறத்தாழ 2,68,000 ரூபாய். அதில் 2,08,000 வட்டியும் வரியும்.

இருபத்து நான்கு ஆண்டு என்பது நம்பும்படியாக இல்லை என்று பட்டறைக்காரர் சொன்னதால், அருகிலுள்ள ஆண்டுகளைத் தனியாகப் போட்டுக் காட்டினேன். முதல் பன்னிரண்டு மாதங்களில் அவர் கட்டுவது 33,943 ரூபாய். அதன் பிறகும் பில் 52,692 ரூபாயில் நிற்கிறது. ஓராண்டு முழுவதும் கட்டியதில் கடன் குறைந்தது 7,308 ரூபாய் மட்டுமே. கடன் பாதியாகி 30,000-ஐத் தொட 64 மாதங்கள் ஆகும், அதற்குள் 1,39,000 ரூபாய்க்குச் சற்று மேலேயே கட்டியிருப்பார். அடுத்த பாதி, அதாவது 30,000-லிருந்து 15,000, மறுபடியும் 64 மாதங்கள். கட்டும் தொகையும் கடனோடு சேர்ந்து பாதியாகிவிடுவதால், எங்கிருந்து தொடங்கினாலும் பாதியாவதற்கு ஆகும் காலம் மாறாது.

வட்டி விகிதத்தில் சிறு மாற்றம்கூட இங்கே பெரிதாக விளையும். சில கார்டுகளில் இருப்பதுபோல மாத வட்டி 3.75 சதவீதம் என்றால், கடன் பாதியாக 64 மாதங்களுக்குப் பதில் 87 மாதங்கள் ஆகும். குறைந்தபட்சத் தொகை அதே 5 சதவீதத்தில் நிற்க, அதில் வட்டிக்குப் போகும் பங்கு மட்டும் கூடிவிடுவதே காரணம்.

பில்லில் கேட்கும் தொகை குறைந்துகொண்டே வந்தாலும், நான் முதலில் கட்டிய 3,000-ஐயே கடைசிவரை கட்டினால்?

39 மாதங்களில் தீர்ந்துவிடும். மொத்தம் கட்டுவது 1,16,845 ரூபாய், அதில் வட்டியும் வரியும் 56,845 ரூபாய். 290 மாதங்களையும் 2,08,000 ரூபாயையும் இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் மாதம் கட்டுவது இரண்டிலும் ஒன்றே. இரண்டாம் மாதம் வித்தியாசம் 32 ரூபாய்தான். பில் 2,968 கேட்கிறது, நீங்கள் 3,000 கட்டுகிறீர்கள்.

பொறி எங்கே இருக்கிறது என்பதை இந்த 32 ரூபாய் காட்டுகிறது. 3,000 என்ற தொகை சிறியதாக இருப்பதைவிட, கடன் இறங்க இறங்க அந்தத் தொகையும் கூடவே இறங்குவதே பெரிய சிக்கல். ஒவ்வொரு மாதமும் வட்டி கொஞ்சம் குறைகிறது. அந்த மிச்சம் அசலுக்குப் போக வேண்டும். குறைந்தபட்சத் தொகையும் குறைந்துவிடுவதால் அது அசலுக்குப் போகாமல் உங்கள் பையிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே முதல் பில்லில் உள்ள தொகையை ஒரு தாளில் எழுதி வைத்து, பில் என்ன கேட்டாலும் அந்தத் தொகையையே கட்டுங்கள்.

மாதம் 5,000 கட்ட முடிந்தால் 16 மாதங்களில் தீரும், வட்டியும் வரியும் 19,835 ரூபாய். 3,000-லிருந்து 5,000-க்கு ஏற்றுவதால் மாதச் சுமை 2,000 கூடுகிறது, வட்டியில் 37,000 ரூபாய் மிஞ்சுகிறது.

இந்தக் கணக்கை என் பில்லுக்கு நானே போட்டுக்கொள்ள முடியுமா?

முடியும். கையால் போட மூன்று அடிகள் போதும். பில் தொகையிலிருந்து நீங்கள் கட்டப்போவதைக் கழியுங்கள், மீதியை 0.0413-ஆல் பெருக்குங்கள், வந்ததை மீதியோடு கூட்டுங்கள். அதுவே அடுத்த பில். மேலே உள்ள பில்லின் இரண்டாம் மாதத்தைச் செய்துபார்த்தால், 59,354-லிருந்து 2,968 போக மீதி 56,386, அதற்கு வட்டியும் வரியும் 2,329, அடுத்த பில் 58,715. உங்கள் கார்டின் மாத வட்டி வேறாக இருந்தால் அதை 1.18-ஆல் பெருக்கி 100-ஆல் வகுத்த எண்ணை 0.0413-க்குப் பதிலாகப் போடுங்கள். நாலைந்து வரி எழுதும்போதே கடன் எந்த வேகத்தில் இறங்குகிறது என்பது கைக்குப் பிடிபட்டுவிடும். அதனால்தான் கணினி இருந்தாலும் முதலில் கையால் போடச் சொல்கிறேன்.

மாதக் கணக்கு நேரடியாக வேண்டுமென்றால் எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸில் ஒரு கட்டத்தில் இதைத் தட்டுங்கள்:

```
=NPER(0.0413,-3000,60000,0,1)
```

விடை 38.95 என்று வரும், அதாவது 38 முழுத் தவணைகளும் சற்றுக் குறைவான கடைசித் தவணை ஒன்றும். கடைசியில் உள்ள 1, பில் வந்தவுடன் முதலில் கட்டுகிறோம், பிறகே வட்டி ஏறுகிறது என்பதைக் குறிக்கும். 38.95-ஐ 3,000-ஆல் பெருக்கி 60,000-ஐக் கழித்தால் மொத்த வட்டி சில ரூபாய் முன்பின்னாகக் கிடைக்கும். கட்டும் தொகை மிகவும் சிறியதாக இருந்தால், உதாரணமாக 3,000-க்குப் பதில் 2,000 என்று போட்டால், விடைக்குப் பதில் `#NUM!` என்று வரும். அது நீங்கள் தட்டியதில் உள்ள பிழை அல்ல. அந்தத் தொகையில் இந்தக் கடன் எந்தக் காலத்திலும் தீராது என்று பொருள்.

கேள்வியைத் திருப்பி, ஓராண்டில் தீர்க்க மாதம் எவ்வளவு வேண்டும் என்றும் கேட்கலாம்:

```
=PMT(0.0413,12,60000,0,1)
```

விடை 6,186 ரூபாய், கட்ட வேண்டியது என்பதால் முன்னால் கழித்தல் குறி இருக்கும். மொத்தம் 74,232 ரூபாய், அதில் வட்டியும் வரியும் 14,232.

வங்கி நாள் கணக்கில் வட்டி போடுவதால் உங்கள் பில் இந்தக் கணக்கிலிருந்து சற்றுக் கூடுதலாக வரும். பில் தேதிக்குப் பின் இருபது நாள் கழித்துக் கட்டினால், அந்த இருபது நாளும் முழு 60,000-க்கும் வட்டி ஓடுகிறது. நம் எடுத்துக்காட்டில் அந்தக் கூடுதல் மாதத்துக்கு 80 ரூபாய் அளவுதான். நிலுவை ஓடிக்கொண்டிருக்கும்போது கெடு தேதிவரை காத்திருக்காமல் பில் வந்த அன்றே கட்டினால் அதுவும் மிஞ்சும்.

60,000-க்குப் பொருள் வாங்கினேன். முதல் முறையாக 3,000 மட்டும் கட்டினேன். அடுத்த பில் 61,758 என்று வந்திருக்கிறது. வங்கி தவறாகப் போட்டுவிட்டதா?

தவறு இல்லை. குறைந்தபட்சத் தொகையைக் கட்டத் தொடங்கும் முதல் மாதத்தில் எல்லோரும் திடுக்கிடும் இடம் இது. வட்டியில்லாக் காலம் என்பது பில்லை முழுவதும் கட்டுபவருக்கு மட்டுமே உரியது. ஒரு ரூபாய் பாக்கி வைத்தாலும் அந்தச் சலுகை போய்விடும், வட்டி பொருள் வாங்கிய நாளிலிருந்தே கணக்கிடப்படும்.

தேதிகளை வைத்துப் பார்த்தால் விளங்கும். ஒருவர் வீட்டுத் திருமணத்துக்காக ஐந்து ரோட்டில் ஒரு கடையில் ஜூன் 15 அன்று ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் 60,000 ரூபாய்க்கு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பில் தேதி ஜூலை 12, கெடு ஆகஸ்ட் 1. அன்று 3,000 கட்டுகிறார். ஆகஸ்ட் 12-இல் வரும் அடுத்த பில்லில், ஜூன் 15 முதல் ஜூலை 31 வரை 47 நாட்களுக்கு முழு 60,000-க்கும் ஆண்டுக்கு 42 சதவீதத்தில் வட்டி 3,245 ரூபாய். ஆகஸ்ட் 1 முதல் 12 வரை 57,000-க்கு வட்டி 787 ரூபாய். கூட்டினால் 4,032, அதன் மேல் ஜிஎஸ்டி 726, ஆக 4,758 ரூபாய். 57,000-உடன் சேர்த்தால் 61,758. கட்டிய பிறகும் கடன் வாங்கிய விலையைத் தாண்டி நிற்கிறது. முதல் பில்லில் மட்டும் இப்படி இரண்டு மாத வட்டி ஒன்றாக வந்து விழும், அடுத்தடுத்த மாதங்களில் மேலே சொன்ன 2,400 அளவுக்கு இறங்கிவிடும்.

முழுத் தொகையில் ஆயிரம் இரண்டாயிரம் மட்டுமே குறைகிறது என்றால், கைமாற்று வாங்கியாவது முதல் பில்லை முழுவதுமாகக் கட்டிவிடச் சொல்வேன். அந்தச் சிறு பாக்கிக்காக மொத்தத் தொகைக்கும் 47 நாள் வட்டி கொடுக்க வேண்டிவரும்.

கடன் ஒருபக்கம் இருக்கட்டும், மாத மளிகையை மட்டும் கார்டில் வாங்கிக்கொள்ளலாமா?

வேண்டாம். பழைய பாக்கி உள்ளவரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி உண்டு. லீ பஜாரில் காலையில் வாங்கிய துவரம்பருப்புக்கு அன்றே வட்டி தொடங்கிவிடுகிறது. அதைவிட முக்கியமானது, உங்கள் கடன் மாதத்துக்கு இறங்குவது 646 ரூபாய்தான் என்பது. 646-க்கு மேல் எதை வாங்கினாலும் கடன் ஏறத் தொடங்கும். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு மாதம் 4,000 ரூபாய்க்கு மளிகை வாங்கினால், ஓராண்டில் 60,000 என்பது ஏறத்தாழ 98,000 ஆகிவிடும். மளிகையை ரொக்கத்திலோ யுபிஐயிலோ வாங்கிக்கொண்டு கார்டைப் பெட்டியில் வைத்துவிடுங்கள்.

ஏற்காட்டில் சிறிய காபித் தோட்டம் வைத்திருக்கிறேன். பிப்ரவரியில்தான் காபிப் பணம் கைக்கு வரும். அதுவரை குறைந்தபட்சம் கட்டிச் சமாளிப்பது சரியா?

பணம் வரும் தேதி உறுதியாக இருந்தால் அது ஒரு வழிதான், ஆனால் அதன் விலையைத் தெரிந்துகொண்டு செய்யுங்கள். ஆகஸ்டில் பில் 60,000 என்று வைத்துக்கொள்வோம். ஜனவரி முடிய ஆறு முறை 5 சதவீதம் கட்டினால் 17,523 ரூபாய் போகும். பிப்ரவரி பில் 56,227 ரூபாயில் நிற்கும். அதை ஒரேயடியாகக் கட்டினால் மொத்தம் 73,750, அதாவது ஆறு மாதம் தள்ளிப்போட்டதற்கு 13,750 ரூபாய்.

பழம் பறிக்கும் கூலி நவம்பரிலிருந்தே கேட்கும் என்பதால், காபி விற்ற பணத்தில் முதல் கை நீட்டுவது யார் என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டும். தோட்டத்துச் செலவு, பள்ளிக் கட்டணம், உரக்கடை பாக்கி என்று எல்லாம் வரிசையில் நிற்கும். அவற்றில் எதுவும் மாதத்துக்கு நாலு வட்டி கேட்பதில்லை. கார்டு கேட்கிறது. மிளகு முன்னதாக விலைபோய்ப் பத்தாயிரம் கைக்கு வந்தாலும் பிப்ரவரிவரை வைத்திருக்காமல் அன்றே கார்டில் கட்டிவிடுங்கள். அந்தப் பத்தாயிரத்துக்கு மாதம் 413 ரூபாய் மிஞ்சும்.

பில்லில் இருந்த முழுத் தொகையையும் கட்டிவிட்டேன். மறுமாதம் 1,527 ரூபாய்க்கு இன்னொரு பில் வந்திருக்கிறதே?

அது பில் தேதிக்கும் நீங்கள் பணம் கட்டிய நாளுக்கும் இடையிலான வட்டி. 56,227 ரூபாய் பில்லை இருபதாம் நாள் கட்டினால், அந்த இருபது நாட்களுக்கு வட்டி 1,294, ஜிஎஸ்டி 233, ஆக 1,527 ரூபாய். பில் அச்சாகும்போது இது இன்னும் உருவாகாத தொகை, ஆகவே அந்தப் பில்லில் இடம்பெறாது.

கடன் தீர்ந்தது என்று நினைத்து அடுத்த பில்லைத் திறந்தே பார்க்காமல் விட்டுவிடுபவர்கள் இங்கேதான் மறுபடி சிக்குகிறார்கள். சிறு பாக்கிக்கும் தாமதக் கட்டணமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் வரும், கடன் தகவல் நிறுவனங்களில் உள்ள உங்கள் பதிவிலும் தாமதம் ஏறும். பில் பூஜ்யம் என்று வரும்வரை ஒவ்வொரு பில்லையும் பாருங்கள். பெரிய தொகையைக் கட்டும் நாளில் வங்கியின் உதவி எண்ணை அழைத்து, இன்றுவரையிலான வட்டியோடு மொத்தம் எவ்வளவு என்று கேட்டுக் கட்டுவது இன்னும் நல்லது.

என் பில்லில் குறைந்தபட்சத் தொகை 5 சதவீதத்துக்கும் மேலாக இருக்கிறது. ஏன்?

வங்கிக்கு வங்கி விதி மாறும். சிலர் மொத்தத்தில் 5 சதவீதம் கேட்பார்கள். சிலர் அந்த மாத வட்டி, வரி, கட்டணங்களை முழுவதுமாகக் கேட்டு, அதன் மேல் அசலில் 2 சதவீதம் கேட்பார்கள். கார்டில் இஎம்ஐ ஓடினால் அந்தத் தவணை முழுவதும் குறைந்தபட்சத் தொகையில் சேரும், சென்ற மாதம் கட்டாமல் விட்டதும் சேரும்.

கார்டு வழங்குவோருக்கு ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் வெளியிட்ட வழிகாட்டு விதிகளில், குறைந்தபட்சத் தொகையைக் கட்டிய பிறகும் கடன் வளர்ந்துகொண்டே போகும்படி அத்தொகையை நிர்ணயிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. கட்டாத கட்டணங்களையும் வரிகளையும் அசலில் சேர்த்து அவற்றுக்கு வட்டி போடக் கூடாது என்பதும் அதில் உண்டு. இரண்டாம் வகைக் கணக்கில் முதல் மாதம் சுமார் 3,680 ரூபாய் கட்ட வேண்டிவரும், அசல் 1,200 ரூபாய் குறையும், கடன் பாதியாக 34 மாதங்களுக்குச் சற்று மேல் ஆகும். 64 மாதங்களைவிட இது நல்லது. இருந்தாலும் ஆண்டுக்கணக்கில் இழுக்கும் இயல்பு போகவில்லை, ஏனென்றால் இங்கேயும் கட்டும் தொகை கடனோடு சேர்ந்தே இறங்குகிறது.

ஆண்டுக்கு 42 சதவீதம் வட்டி வாங்கச் சட்டம் அனுமதிக்கிறதா?

இப்போதைக்குத் தடை இல்லை. 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது நியாயமற்ற வணிக முறை என்று தேசிய நுகர்வோர் குறைதீர்ப்பு ஆணையம் 2008-இல் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று ரத்து செய்தது. ஆகவே பழைய செய்தியை நம்பி, வழக்குப் போட்டால் வட்டியைக் குறைப்பார்கள் என்று காத்திருந்து மாதங்களைக் கடத்த வேண்டாம்.

வீட்டில் நகை இருக்கிறது. அதை அடகு வைத்து இதை அடைப்பது புத்திசாலித்தனமா?

பெரும்பாலும் ஆம், கணக்கு அப்படித்தான் சொல்கிறது. வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ ஆண்டுக்கு 12 சதவீத வட்டிக்கு 60,000 ரூபாய் வாங்கி, மாதம் 5,331 வீதம் ஓராண்டில் கட்டினால் வட்டி 3,971 ரூபாய். கார்டிலேயே ஓராண்டில் தீர்த்தால் 14,232. ஒரே கடன், ஒரே ஆண்டு, பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் வித்தியாசம். நம் வீடுகளில் நகையை அடகுக் கடைக்குக் கொண்டுபோவதைக் கௌரவக் குறைவாக நினைத்துத் தயங்குவார்கள். கார்டுக் கடனை யாரும் பார்ப்பதில்லை என்பதால் அந்தத் தயக்கம் அங்கே எழுவதில்லை. இந்தத் தயக்கத்தால் ஒரு குடும்பம் ஆண்டுக்குப் பத்தாயிரம் இழப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

ஆனால் இரண்டு நிபந்தனைகள். நகைக்கடனில் மாதத் தவணையாகக் கட்ட வேண்டும். வட்டியை மட்டும் கட்டி ஆண்டுக்கு ஆண்டு புதுப்பித்துக்கொண்டே போனால் அது வேறொரு நீண்ட கடனாகிவிடும். அடைத்த கார்டில் மறுபடி கை வைக்கவும் கூடாது. 60,000 வரம்பு காலியாக இருப்பதைப் பார்த்து அடுத்த திருவிழாவில் மறுபடி நிரப்பிவிட்டால் இரண்டு கடன்கள் கையில் இருக்கும்.

நகை இல்லாதவர்கள் நிலுவையை இஎம்ஐ ஆக மாற்றித் தரும்படி கார்டு வங்கியிடமே கேட்கலாம். வட்டி மாதம் 3.5-ஐவிடக் குறைவாகத்தான் சொல்வார்கள், தவணைத் தொகையும் மாறாது. நடைமுறைக் கட்டணமும் வட்டியின் மேல் ஜிஎஸ்டியும் உண்டு என்பதால் மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை ரூபாயில் கேட்டு எழுதிக்கொண்டு, மேலே உள்ள 74,232-உடன் ஒப்பிட்டு முடிவெடுங்கள்.

வங்கிக் கணக்கிலிருந்து குறைந்தபட்சத் தொகை தானாகவே போகும்படி வைத்திருக்கிறேன். அதை மாற்ற வேண்டுமா?

அதை அப்படியே விட்டுவிடுங்கள், ஊருக்குப் போன மாதத்திலும் கெடு தவறாமல் பார்த்துக்கொள்ளும். தாமதக் கட்டணம் கெடு கடந்து மூன்று நாட்களுக்கு மேல் ஆனால்தான் போட வேண்டும் என்று விதி இருந்தாலும், அந்த மூன்று நாளை நம்பி இருக்க வேண்டியதில்லை. செய்ய வேண்டியது, மீதித் தொகையைக் கையால் சேர்ப்பது. செவ்வாய்பேட்டைப் பட்டறைக்காரர் அப்படித்தான் செய்கிறார். தானாகப் போகும் தொகை போன மறுநாள், 5,000-க்கு எவ்வளவு குறைகிறதோ அதை யுபிஐயில் அனுப்பிவிட்டு, பில் தொகையைப் பட்டறைச் சுவரில் உள்ள நாட்காட்டியில் எழுதுகிறார். கடைசியாக நான் பார்த்தபோது அங்கே 41,000-க்குக் கீழே ஓர் எண் இருந்தது. அதன் பக்கத்தில், இன்னும் ஒன்பது மாதம் என்று அவர் மகள் பென்சிலால் எழுதியிருந்தாள்.